எண்ணெய்க்காப்புக்கு அம்மாவை எந்நேரம் கூட்டிப்போகலாம்?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கட ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேணும். அவவுக்கு முழங்கால் வலி.

மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி யாகசாலையில் எழுந்தருளச் செய்துவிடுவதால், கும்பாபிஷேகத்துக்கு முந்தின எண்ணெய்க்காப்பில் அடியார்களும் உள்ளே போய்த் தங்கள் கையாலேயே விக்கிரகத்துக்கு நல்லெண்ணெய் சாத்தலாம். அம்மாவுக்கு அதுதான் ஆசை. கும்பாபிஷேகத்தன்று சனத்துக்குள்ளே நின்று கலசத்தை அண்ணாந்து பார்ப்பதில் இல்லை.

முன்பு போனவர்கள் சொல்லுங்கோ: வரிசை எந்நேரம் குறையும்? எண்ணெய் நாங்கள் கொண்டுபோறதா, கோயிலில் தருவினமா? வயதானவர்களுக்குத் தனி வழி விடுவினமா? பிறகு மண்டலாபிஷேகத்தில் ஒருநாள் உபயம் எடுக்கலாம்தான், ஆனால் தொட்டுச் சாத்தக் கிடைக்காது.