நடுவில் மட்டும் மாவு: ஃபிரீசரிலிருந்து நேராகக் கல்லுக்குப் போன பரோட்டாக்கள்

மணற்காற்று, ஷார்ஜா

இரவு டூட்டி முடிந்து வந்த அறைத்தோழருக்கு நான்தான் பரோட்டா சுட்டேன். எல்லோருக்கும் தெரிந்த பாக்கெட்தான். வட்டம் வட்டமாக அடுக்கி, இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்தது. இண்டக்‌ஷன் அடுப்பு, மெல்லிய இரும்புத் தோசைக்கல். பார்வைக்குக் கடைப் பரோட்டா தோற்றுவிடும், அப்படி ஒரு நிறம். அவர் மலப்புறத்துக்காரர். பரோட்டாவைப் பிய்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு: ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. நடுப்பகுதி வரவில்லை. ஒரு திர்ஹம் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் வெள்ளை மாவு, அவர் விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பாக்கெட்டில் போட்டிருந்தபடிதான் செய்தேன்: மிதமான சூடு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஒன்று மட்டும் உறுத்துகிறது. மேலே பழுப்பு நிறம் பரவலாக இல்லை, வளையமாக இருந்தது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தாழம்பூ, சென்னை

உங்களுக்கு நடு மட்டும்தானே போனது. எங்கள் வீட்டில் பரோட்டாவே போனது.

மாமியார் காலையிலேயே பாக்கெட்டை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டார். சப்பாத்தி மாவு ஊறினால் மிருதுவாவதைப் பார்த்தவர், இதற்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார். மே மாதம் வேறு. மதியம் நான் தாளை உரித்தேன், பரோட்டாவில் பாதி தாளோடு சேர்ந்து வந்தது. மடிப்புகளுக்கு நடுவே இருந்த கொழுப்பு இளகி வெளியே வந்து தாளெல்லாம் பிசுபிசுத்தது. சுற்று இருந்த இடமே தெரியவில்லை. நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் அசரவில்லை. "கொண்டா இப்படி" என்று வாங்கி, மைதா தூவி, உருட்டித் தேய்த்துச் சுட்டு வைத்தார். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். இருந்தது. ஆனால் அதற்குப் பெயர் மைதா சப்பாத்தி.

மீதியை அவரே மறுபடி ஃபிரீசரில் வைத்தார். பிறகு எடுத்தபோது அத்தனையும் ஒரே கட்டி. தாளுக்கும் மாவுக்கும் நடுவில் கத்தி நுழையவில்லை.

கல்லடுப்பு, விருதுநகர்

மணற்காற்று தம்பி, உங்கள் சிக்கல் எண்ணெய்ப் பற்றாக்குறை. என் அப்பா பரோட்டா மாஸ்டராக இருந்தவர். பாக்கெட் பரோட்டாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்கு வந்தார். கல்லைப் புகை வரும்வரை காயவிட்டார், பரோட்டா பாதி மூழ்கும் அளவுக்கு எண்ணெய் ஊற்றினார், கல்லாக இருந்ததை அப்படியே உள்ளே விட்டார். படபடவென்று தெறித்து என் முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது, தழும்பு இருக்கிறது. ஆனால் பரோட்டா! எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஓரம் முறுமுறு, நடு வெந்திருந்தது. மிதமான சூடு என்பதெல்லாம் பாக்கெட்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்கு எழுதுவது. கடையில் எந்த மாஸ்டர் மிதமான சூட்டில் சுடுகிறார்?

சிராங்கூன் அடுப்படி, சிங்கப்பூர்

பள்ளி கேன்டீன் கடை ஒன்றில் காலைக் கூட்டத்துக்கு உறைந்த பராட்டா சுடுவது என் வேலை. கல்லடுப்பு ஐயா சொன்னதில் பாதி சரி. அவருடைய அப்பா கையில் அது வெந்ததற்குக் காரணம் எண்ணெய் ஆழமாக இருந்தது. சூடு அடியிலிருந்து மட்டும் வராமல் பக்கவாட்டிலிருந்தும் போனது. அது பொரிப்பது. கல்லில் சுடுவதற்கு அந்தச் சூட்டைக் கொண்டுவந்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கடை மாஸ்டர் கல்லில் போடுவது அப்போதுதான் வீசித் தட்டிய மாவு, அறையின் சூட்டில் இருப்பது. நம்முடையது மைனஸ் 18 டிகிரியிலிருந்து வருகிறது. மாவில் உள்ள தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும். அந்தப் பனி வெறுமனே உருகுவதற்கே, அதே தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் அளவு வெப்பம் வேண்டும். அதுவரை உள்ளே வேகும் வேலை தொடங்குவதே இல்லை. வெளித்தோல் மட்டும் காத்திராமல் நிறம் மாறிக்கொண்டே போகும்.

அதனால் நான் செய்வது இது. கல்லை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பேன். சுர்ரென்று ஓரிரு விநாடியில் வற்றினால் சரி. முத்தாகத் திரண்டு கல்மேல் ஓடினால் சூடு அதிகம், தீயைக் குறைத்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். தாளை அந்த நேரத்தில்தான் உரிக்க வேண்டும், ஒரு நிமிடம் முன்னால்கூட வேண்டாம். மேலே பனித்துகள் இருந்தால் கையால் தட்டிவிடுங்கள். ஐயாவின் முழங்கையைச் சுட்டது அதுதான். எண்ணெய் தேவையில்லை, மடிப்புக்குள்ளேயே இருக்கிறது.

முதல் பக்கத்தில் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓரம் தளர்ந்து, சுண்ணாம்பு வெள்ளை மங்கிக் கண்ணாடித்தன்மை வரும். அப்போதே திருப்புங்கள். இது வேகவைப்பதற்கான திருப்பல் இல்லை, இரண்டு பக்கமும் பனி உருகுவதற்காக. அடுத்த பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள். கொழுப்பு வெளியே வந்து கல்லில் பளபளக்கும், சத்தமும் மாறும்: முதலில் ஈரத்தின் சீறல், பிறகு பொரியும் ஒலி. அந்த மாற்றம் கேட்ட பிறகு மறுபடி திருப்பி, தோசைத்திருப்பியால் நடுவை மெல்ல அழுத்திப் பாருங்கள். திருப்பியின் கீழே சதசதவென்று அமுங்கி அப்படியே நின்றால் உள்ளே மாவு. அமுங்கி எழுந்தால் வெந்துவிட்டது. நிறம் போதவில்லையென்றால் கடைசி அரை நிமிடம் தீயைக் கூட்டலாம். மொத்தம் நான்கு நிமிடத்தைச் சுற்றி வரும். கடிகாரத்தைவிடச் சத்தத்தை நம்புவேன்.

இப்போது மணற்காற்று தம்பியின் வளையம். உங்கள் பரோட்டாவைக் கெடுத்தது நேரமில்லை, அடுப்பு. இண்டக்‌ஷன் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வளையமாகத்தான் சுற்றப்பட்டிருக்கும். அதற்கு மேலே உள்ள இரும்பு சூடாகும், நட்டநடுவில் குறையும். தடித்த வார்ப்பிரும்புக் கல் அந்தச் சூட்டைப் பரப்பிச் சமப்படுத்தும். மெல்லிய தகட்டால் முடியாது. பரோட்டாவின் சுற்றும் நடுவில்தான் நெருக்கமாக இருக்கிறது. நெருக்கமான இடமும் சூடு குறைந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று வந்துவிட்டன. சந்தேகமாக இருந்தால் காய்ந்த கல்லில் ஒரு கை மைதாவைச் சமமாகத் தூவிப் பாருங்கள். எங்கே முதலில் பழுப்பாகிறதோ அதுதான் உங்கள் அடுப்பின் முகம்.

கல்லடுப்பு, விருதுநகர்

அக்கா, பொரித்தாலும் வெந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் நடுவை அழுத்தச் சொல்கிறீர்கள். அழுத்தினால் அடுக்கு ஒட்டிப்போகும். பரோட்டாவை அழுத்துகிறவர் கையில் கரண்டியே கொடுக்கக் கூடாது என்பார் அப்பா. கல்லிலிருந்து எடுத்ததும் சூட்டோடு இரண்டு மூன்றை அடுக்கி, இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அடுக்கு அப்போதுதான் மலரும். ஆறிய பிறகு அடித்தால் உடையும், மலராது. கை சுடுகிறது என்பவர்கள் துணியில் பொதிந்து அடிக்கட்டும்.

வெண்ணிலா, கொல்லம்

எல்லோரும் நான்கு நிமிடம், நான்கு நிமிடம் என்கிறீர்கள். நான் அப்படிச் செய்துதான் விருந்தாளிகளுக்கு அப்பளம் மாதிரி ஒன்றை வைத்தேன். மச்சான் அதைத் தட்டில் தட்டிக் காட்டியது இன்றுவரை குடும்பத்தில் பேச்சு. இங்கே கடைகளில் அரைவேக்காடாக வேகவைத்து விற்பதும் உண்டு. மேலே ஏற்கெனவே பழுப்புப் புள்ளிகள் இருக்கும், பச்சை மாவின் வெண்மை இருக்காது. அதற்குப் பக்கத்துக்கு ஒரு நிமிடமே அதிகம். நிமிடக் கணக்கு சொல்வதற்கு முன் எந்த வகை என்று கேளுங்கள்.

நூலகப்பூனை, புனே

எனக்கும் நடுவில்தான் பிரச்சினை. உருளைக்கிழங்கு பராத்தா. வெளியே அருமையான நிறம், கடித்தேன், பல் கூசியது. உள்ளே கிழங்கில் பனி! ஒரு பக்கம் நாக்கு வெந்தது, மறுபக்கம் பல் குளிர்ந்தது. மீட்டிங் நடந்துகொண்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை. எனக்கும் அடுப்புதான் காரணமா? என்னுடையது எரிவாயு அடுப்பு.

சிராங்கூன் அடுப்படி, சிங்கப்பூர்

நூலகப்பூனை, உங்களுடையது வேறு கதை, அடுப்பை விட்டுவிடுங்கள். கிழங்கு மசியலில் ஈரம் நிறைய, மேலும் அது தடிமன். தீயை மிதத்துக்கும் கீழே வைத்துப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கொடுங்கள். முதல் பாதியில் ஒரு மூடி போட்டால் மேலேயிருந்தும் சூடு இறங்கும். நெய் கடைசியில். வெண்ணிலா சொன்னது முக்கியம், நான் சொன்ன நேரம் பச்சை மாவுக்குத்தான்.

கல்லடுப்பு ஐயா, வெந்தது, மறுக்கவில்லை. அழுத்துவது பற்றி: நான் சொன்னது தொட்டுப் பார்க்கும் அழுத்து, தேய்க்கும் அழுத்து இல்லை.

தாழம்பூ, சென்னை

மூடி சாதாரணப் பரோட்டாவுக்கு உதவுமா? போட்டுப் பார்த்தேன். நடு நன்றாக வெந்தது, ஆனால் ஆவி இறங்கி மேல் தோல் தோல்பையாகிவிட்டது. என் கணவர் அதுதான் மிருது என்கிறார். மாமியாரும் நானும் முதன்முறையாக ஒரே கட்சி.

மணற்காற்று, ஷார்ஜா

மைதா தூவிப் பார்த்தேன், அக்கா. வளையம் பிசகாமல் வந்தது, நடுவில் வெள்ளைப் பொட்டு. வேறு கல் வாங்கச் சம்பளம் வர வேண்டும் என்பதால், குறைந்த சூட்டில் நிறைய நேரம் காயவிட்டு, பரோட்டாவை நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளிப் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருந்தேன். இந்த அடுப்பில் சூட்டைக் குறைத்தால் அது நின்று நின்று எரிகிறது. சத்தமும் விட்டு விட்டு வருவதால் நீங்கள் சொன்ன ஒலி மாற்றம் எனக்குப் பிடிபடவில்லை. நடுவை அழுத்தித்தான் கண்டுபிடித்தேன். மலப்புறத்துக்காரர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், நடுவும் சேர்ந்து வந்தது. ஆனால் அடுக்கு பிரியவில்லை என்றார். நான் அடிக்கவில்லை, கீழ் வீட்டார் தூங்கும் நேரம்.

கல்லடுப்பு, விருதுநகர்

துணியில் பொதிந்து அடி தம்பி, சத்தம் வராது. எண்ணெய் ஊற்றியிருந்தால் இவ்வளவு திருக வேண்டியதில்லை.