புரதம், கொழுப்பு, மாவுச்சத்து சதவீதம் மூன்றையும் கூட்டினால் 103 வருகிறது, எங்கே தப்பு?

திருச்சி செல்வா:
வணக்கம். அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் கலோரியில் மாவுச்சத்து 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். அப்பா சாப்பிடுவதை போனில் ஒரு ஆப்பில் போட்டு, வரும் கிராம் கணக்கை எக்ஸெல்லில் ஏற்றி வருகிறேன்.

நேற்றைய கணக்கு இது: புரதம் 60 கிராம், கொழுப்பு 50 கிராம், மாவுச்சத்து 290 கிராம் (நார்ச்சத்து 30 கிராம் இதற்குள்ளேயே வருகிறது). ஆப் காட்டிய மொத்தம் 1790 கலோரி. ஷீட்டில் B2 புரதம், B3 கொழுப்பு, B4 மாவுச்சத்து, B5 நார்ச்சத்து, B6 ஆப் காட்டும் கலோரி. நான் போட்ட சூத்திரம்:

```
=B2*4/B6
=B3*9/B6
=B4*4/B6
```

விடை 13.4, 25.1, 64.8. கூட்டினால் 103.3 வருகிறது. மாவுச்சத்து உண்மையில் எவ்வளவு? 65 என்றால் அப்பாவின் சோற்றைக் குறைக்க வேண்டும். அவரிடம் அதைச் சொல்வதற்கு முன்னால் கணக்கு சரிதானா என்று தெரிய வேண்டும்.

பாலா:
சூத்திரம் சரியாத்தான் இருக்கு ப்ரோ. புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4. ஆப் ஒவ்வொரு அயிட்டத்தையும் முழு எண்ணா மாத்திடும், அந்தத் தசமம் எல்லாம் சேர்ந்து இப்படி வருது. எனக்கும் அடிக்கடி 99, 101னு வரும். விட்டுடுங்க.

ராணி:
தம்பி, எதற்கு இந்த 4, 9 எல்லாம்? 60, 50, 290 கூட்டினால் 400. ஒவ்வொன்றையும் 400ஆல் வகுத்தால் கச்சிதமாக 100 வந்துவிடுகிறதே. மாவுச்சத்து 72.5, கொழுப்பு 12.5தான். எங்கள் வீட்டுப் பால் பாக்கெட்டிலும் கொழுப்பு 3% என்று இப்படித்தானே போட்டிருக்கிறார்கள்? எனக்கும் சர்க்கரைதான், 3% பால் என்றுதான் பயப்படாமல் குடிக்கிறேன்.

உமா (ஊட்டச்சத்துத் துறை):
ராணி அம்மா, பால் பாக்கெட்டில் இருப்பது எடைக் கணக்கு. நூறு கிராம் பாலில் 3 கிராம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. அந்த 3 கிராம் கொழுப்பு 27 கலோரி, அந்தப் பாலின் மொத்தமோ 58 கலோரி அளவுதான். அதாவது 3% பாலில் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. பாலை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. செல்வாவின் டயட்டீஷியன் சொன்ன 60 சதவீதம் கலோரிக் கணக்கு, அதை எடைச் சதவீதத்தோடு ஒப்பிட முடியாது. உங்கள் வழியில் போனால் கொழுப்பு பாதியாகத் தெரியும், மாவுச்சத்து பெரிதாகத் தெரியும்.

பாலா சொன்னதும் பாதி சரி. முழு எண்ணாக்குவதால் 99, 101 வரும். ஆனால் 103க்கு மேல் போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். செல்வா, உங்கள் கிராம்களை 4, 9, 4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 240, 450, 1160. மொத்தம் 1850. ஆப் சொல்வது 1790. இடையில் 60 கலோரி காணாமல் போயிருக்கிறது, உங்கள் நார்ச்சத்து 30 கிராம். ஆப் நார்ச்சத்துக்குக் கிராமுக்கு 4க்குப் பதில் 2 கலோரி போட்டிருக்கிறது, அதனால்தான் அந்த 60 சரியாகப் பொருந்துகிறது. நார்ச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை, பெருங்குடலில் கிருமிகள் நொதிக்க வைத்துத் தரும் கொஞ்சம்தான் உடலுக்குக் கிடைக்கும், அதனால் 2.

நீங்கள் மேலே 4ஐ வைத்துப் பெருக்கிவிட்டு, கீழே 2 வைத்துப் போட்ட மொத்தத்தால் வகுக்கிறீர்கள். மேலும் கீழும் ஒரே கணக்காக இருந்தால் 100தான் வரும்:

```
B7:  =B2*4+B3*9+(B4-B5)*4+B5*2
B8:  =B2*4/B7
B9:  =B3*9/B7
B10: =((B4-B5)*4+B5*2)/B7
```

விடை 13.4, 25.1, 61.5. ஆப்பின் மொத்தத்தைச் சதவீதத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பாருங்கள். எல்லாப் பட்டியலிலும் மாவுச்சத்துக்குள் நார்ச்சத்து அடங்கியிருக்காது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலில் நார்ச்சத்தைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் மாவுச்சத்தைத் தருகிறார்கள். அமெரிக்க லேபிளில் உள்ளேயே இருக்கும். முதல் வகை எண்ணிலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

மதுரை கார்த்தி:
நார்ச்சத்து சர்க்கரையை ஏத்தாதே, அப்புறம் எதுக்கு 2? முழுசா கழிச்சிடுங்க செல்வா. 260 கிராம்தான் கணக்கு. 1040ஐ 1730ஆல வகுத்தா 60.1. டயட்டீஷியன் சொன்ன எல்லைக்குப் பக்கத்திலயே வந்துட்டீங்க.

உமா:
கார்த்தி, அப்படிக் கணக்கிடுபவர்களும் இருக்கிறார்கள். 60.1, 61.5, பழைய முறையில் எல்லாவற்றுக்கும் 4 போட்டால் 62.7. டயட்டீஷியன் எந்த முறையில் 60 என்றார் என்பது அவருக்குத்தான் தெரியும். 4, 9, 4 என்பவையே சராசரி எண்கள், ஒன்றிரண்டு சதவீதத்துக்காகச் சோற்றில் கை வைக்க மாட்டேன்.

எனக்குக் கவலை எண்ணெய்தான். செல்வா, பொரியல், தாளிப்பு எல்லாம் ஆப்பில் எப்படிப் போடுகிறீர்கள்?

திருச்சி செல்வா:
"பீன்ஸ் பொரியல் 1 கப்" என்று போட்டால் அதுவே எடுத்துக்கொள்கிறது மேடம். எண்ணெயைத் தனியாகப் போடுவதில்லை. அம்மா கண்ணளவில்தான் ஊற்றுவார்.

உமா:
அப்படியானால் அந்த 50 கிராம் கொழுப்பை நம்ப முடியாது. அப்பாவின் பங்கில் 14 கிராம் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி என்று வையுங்கள், கணக்கில் வராமல் போயிருந்தால் 126 கலோரி கூடும். மொத்தம் 1916. கொழுப்பு 25லிருந்து 30க்கு ஏறும், மாவுச்சத்து 61.5லிருந்து 57.4க்கு இறங்கும். நார்ச்சத்துக்கு 4ஆ 2ஆ என்று பார்த்ததைவிட இது பெரிய மாற்றம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. மாவுச்சத்துச் சதவீதம் 60க்குக் கீழே வந்துவிட்டது, ஆனால் அப்பா சாப்பிட்ட மாவுச்சத்து அதே 290 கிராம், ஒரு பருக்கை குறையவில்லை. எண்ணெயை ஊற்றியே சதவீதத்தைச் சரிக்கட்டிவிடலாம், சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சர்க்கரை அதனால் நல்லதாகிவிடாது. அதனால் ஷீட்டில் சதவீதத்துக்குப் பக்கத்தில் கிராமையும் வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை கிராம் என்று பிரித்துப் போடுங்கள். 290 கிராமில் இரவில் மட்டும் 120 என்றால் அங்கேதான் பேச வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், தாழ்சர்க்கரை வரலாம்.

எண்ணெய்க்கு எளிய வழி: பாட்டிலைக் காலையில் சமையலறைத் தராசில் வையுங்கள், இரவில் மறுபடி வையுங்கள். குறைந்த கிராமை சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வடை, அப்பளம் பொரித்த நாளில் வாணலியில் மிஞ்சிய எண்ணெயையும் எடைபோட்டுக் கழிக்க வேண்டும்.

ராணி:
உமா, அப்படியென்றால் நான் குடிக்கும் பாலையும் கிராமில்தான் எழுத வேண்டுமா? நாளுக்கு அரை லிட்டர்.

உமா:
ஆமாம் அம்மா. அரை லிட்டரில் கொழுப்பு 15 கிராம், பால் சர்க்கரை 23, 24 கிராம் வரும். காபிக்குப் போடும் சர்க்கரை தனி.

திருச்சி செல்வா:
சூத்திரத்தை மாற்றிவிட்டேன், மூன்றும் 100 வருகிறது. பழைய நாட்களுக்கும் போட்டுப் பார்த்தேன், எல்லா நாளும் 100தான். எண்ணெய் பாட்டிலை நாளையிலிருந்து எடைபோடச் சொல்லியிருக்கிறேன், அம்மா சம்மதித்துவிட்டார். 60 என்றது நார்ச்சத்தோடா, இல்லாமலா என்று அடுத்த முறை டயட்டீஷியனிடம் கேட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

மதுரை கார்த்தி:
கேட்டுச் சொல்லுங்க. நான் இன்னும் கழிக்கணும்னுதான் சொல்றேன்.