412 எப்படி 22 ஆச்சு?

ஓஎம்ஆர்_ஹாஸ்டல்வாசி
வயசு 24. நவம்பர் ரெண்டாவது வாரம் டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். ஜனவரி கடைசியில இருந்து தலைக்குக் குளிச்சா கொத்துக் கொத்தா முடி வருது, ஜடை பாதியாயிடுச்சு. உடம்புல இருக்கற இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின் ஆஸ்பத்திரியில எடுத்தப்போ 412, இப்போ மார்ச்ல 22. ஹீமோகுளோபின் 12.3. தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்எச் குறைவா 0.2, ஃப்ரீ டி4 கொஞ்சம் கூட. ஒரு மாசமா பயோட்டின் வைட்டமின் மாத்திரை 10 மில்லிகிராம் போடறேன். இது டென்ஷனா, இரும்புச்சத்தா, தைராய்டா, ஹார்மோனா?

அடையாறு_ஆலமரம்
அம்மாடி, கவலையை விடு. ஹீமோகுளோபின் 12.3, அதாவது ரத்தம் நிறைவாக இருக்கிறது. இரும்பும் 412 இருந்திருக்கிறது. 412 நான்கே மாதத்தில் 22 ஆக வழியே இல்லை, இரண்டாவது லேப் சொதப்பியிருக்கிறது. இது முழுக்க முழுக்க வேலை டென்ஷன். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்து, இரவு பத்து மணிக்குப் படுத்தால் போதும்.

ராயப்பேட்டை_ரம்யா
லேப் சொதப்பலாம், ஆனா இங்க சொதப்பினது லேப் இல்ல. அந்த 412 காய்ச்சல் நேரத்துல எடுத்தது. உடம்புல தொற்று இருக்கும்போது, இரும்பு இருப்பு என்னவா இருந்தாலும் ஃபெரிட்டின் எகிறும். டெங்குல நூத்துக்கணக்குல, சில பேருக்கு ஆயிரத்தைத் தாண்டியும் போகும். டிசம்பர் மழையில வேளச்சேரி ரோட்டுல முழங்கால் அளவு தண்ணி நிக்குதுன்னு, ஏரியில எவ்வளவு இருப்புன்னு கணக்கு சொல்லுவீங்களா? மார்ச்ல தண்ணி வடிஞ்சப்புறம் தெரிஞ்ச தரைதான் 22. அதுதான் நிஜம்.

ஹீமோகுளோபினை வெச்சு ஏமாறாதீங்க. இரும்பு குறையும்போது முதல்ல காலியாகறது சேமிப்பு, ஹீமோகுளோபின் கடைசியாத்தான் இறங்கும். 12-க்கு மேல இருக்குன்னா ரத்தசோகை இன்னும் வரலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

வேளச்சேரி_வாசு
ஏங்க, முடி கொட்டறதுக்கும் வேளச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கெடுத்தாலும் எங்க ஏரியாவை இழுக்கறதே பொழப்பாப் போச்சு. அந்த ஹாஸ்டல் போர்வெல் தண்ணியைப் பாருங்க முதல்ல. பக்கெட்ல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். அதுல குளிச்சா முடி நிக்குமா?

சோதனைக்குழாய்
உப்புத் தண்ணியில முடி சொரசொரப்பாகும், நடுவுல உடையும். வேர்ல இருந்து முழு நீளத்துக்கு உதிராது. தரையில கிடக்கற முடியை எடுத்துப் பாருங்க. ஒரு நுனியில வெள்ளையா குண்டூசித் தலை மாதிரி இருந்தா உதிர்ந்தது, ரெண்டு நுனியும் மொட்டையா குட்டை குட்டையா இருந்தா உடைஞ்சது.

மத்தபடி ரம்யா மேடம் 22-ஐ ஏன் இப்படிக் கட்டிப்பிடிச்சு அழறாங்கன்னு புரியல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை 15. 22 அதுக்கு மேல. ரிப்போர்ட்லயும் நார்மல்னுதான் அச்சாகியிருக்கும்.

கீழ்க்கட்டளை_கீதா
குழந்தை பிறந்து நாலாம் மாசம் முடி கொட்டறது சகஜம்தான்மா, பயப்படாதே. பால் குடுக்கறதை மட்டும் நிறுத்தாதே.

ஓஎம்ஆர்_ஹாஸ்டல்வாசி
ஆன்ட்டி, எனக்குக் கல்யாணமே ஆகல. 😶

வெள்ளை நுனி இருக்கு. அது வேரோட பிடுங்கிட்டு வருதுன்னுதானே அர்த்தம்? திரும்ப முளைக்காதா?

ராயப்பேட்டை_ரம்யா
அது வேர் இல்ல, ஓய்வுக்குப் போன முடியோட அடி நுனி. முளைக்கற குழி தோலுக்குள்ள அப்படியே இருக்கு. வெள்ளை நுனியைப் பார்த்துட்டு பயந்து வர்றவங்கதான் அதிகம், அதனால சொல்றேன்.

நீங்க காலண்டரைப் பாருங்க. கடுமையான காய்ச்சல் வந்தா, வளர்ந்துக்கிட்டிருந்த முடியில கணிசமான பங்கு ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். உடனே கொட்டாது. ரெண்டு மூணு மாசம் தலையிலயே இருந்துட்டு அப்புறம் மொத்தமா விழும். நவம்பர் நடுவுல டெங்கு, ஜனவரி கடைசியில கொட்டல், பத்து வாரத்துக்கு மேல. கச்சிதமாப் பொருந்துது. ஆக இதைத் தொடங்கி வெச்சது ஆலமரம் ஐயா சொல்ற ஆபீஸ் டென்ஷன் இல்ல, டெங்கு. இந்த மாதிரி உதிர்வுக்கு ஆரம்பத் தேதி சொல்ல முடியும். இரும்புக் குறைவுலயும் ஹார்மோன்லயும் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னே பெரும்பாலும் சொல்ல முடியாது.

ஆனா காய்ச்சல் உதிர்வு ஆறு மாசத்துக்குள்ள அடங்கணும். இருப்பு காலியா இருந்தா அது இழுத்துக்கிட்டே போகலாம். அதனாலதான் 22-ஐ விட மாட்டேன்னு சொல்றேன். தோல் டாக்டர்கள் நிறையப் பேர் முடி விஷயத்துல 40-க்கு மேல எதிர்பார்க்கறாங்க, சிலர் 70 கேப்பாங்க.

சோதனைக்குழாய்
40-ஆ 70-ஆ? முதல்ல உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அந்த 70-க்கு உறுதியான ஆதாரம் இல்ல. சில ஆய்வுல தொடர்பு தெரியுது, சில ஆய்வுல தெரியல. 22 இருந்து தலை நிறைய முடியோட நடமாடற பொண்ணுங்களைத் தினமும் லேப்ல பார்க்கலாம்.

ராயப்பேட்டை_ரம்யா
ஆதாரம் கலப்படம்னு எனக்கும் தெரியும். ஆனா 15 இரும்புக் குறைவுக் கணக்குக்கு வெச்ச எல்லை, முடிக்கு வெச்சது இல்ல. தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். மாதவிடாய் எத்தனை நாள் சுத்தி வருது? எத்தனை நாள் போகுது, பேடு எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாத்தறீங்க?

ஓஎம்ஆர்_ஹாஸ்டல்வாசி
28-30 நாள்ல சரியா வந்துடும். ஏழு நாள் போகும். முதல் மூணு நாள் ரெண்டு மணிக்கொரு தடவை மாத்தணும். கட்டியும் வரும்.

ராயப்பேட்டை_ரம்யா
பாருங்க சோதனைக்குழாய் சார். 22-க்கு இப்போ காரணமும் கிடைச்சாச்சு. ரெண்டு மணிக்கொரு பேடு, கட்டி, ஏழு நாள். இது அதிகப் போக்கு. மாசாமாசம் வெளியே போற இரும்பை நிரப்பாம தைலம் தேய்ச்சு என்ன பண்ண? மாத்திரையோட நிறுத்தாம மகப்பேறு டாக்டர்கிட்ட அந்தப் போக்கையும் காட்டணும்.

அடையாறு_ஆலமரம்
இரும்பு வேண்டுமென்றால் மாத்திரை எதற்கு? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று நம் முன்னோர் வைத்தார்களே. சுவரொட்டியை வதக்கிக் கொடுத்தால் பத்து நாளில் கன்னம் சிவக்கும். 412 எப்படி 22 ஆனது என்பதற்கு இன்னும் எனக்கு விடை வரவில்லை.

சோதனைக்குழாய்
சுவரொட்டியில ஐயா சொல்றது சரி. ஆட்டு மண்ணீரல்ல இரும்பு எக்கச்சக்கம், உடம்பும் சுலபமா எடுத்துக்கும். ஆனா பேரீச்சம்பழம் 100 கிராம் தின்னாலும் கிடைக்கறது ஒரு மில்லிகிராம் அளவுதான். கீரையில இருக்கறதுல கொஞ்சம்தான் ஒட்டும், அதையும் சாப்பாட்டுக்கு மேல குடிக்கற ஃபில்டர் காபி கெடுத்துடும்.

இப்போ யாருமே கண்டுக்காத விஷயத்துக்கு வர்றேன். டிஎஸ்எச் 0.2. எல்லாரும் 22-ஐப் பிடிச்சுத் தொங்கறீங்க. இந்தப் பொண்ணு போடற பயோட்டினை யாராவது பார்த்தீங்களா?

நிறைய மெஷின்ல டிஎஸ்எச் சோதனையே பயோட்டின் ஒட்டற தன்மையை வெச்சுத்தான் நடக்குது. ரத்தத்துல மாத்திரை பயோட்டின் ஏராளமா இருந்தா அது போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். டிஎஸ்எச் பொய்யா குறைஞ்சு காட்டும். டி4 சோதனை நேர்மாறான முறையில நடக்கறதால அது பொய்யா ஏறும். பேப்பர்ல பார்த்தா அச்சு அசலா தைராய்டு அதிகமாச் சுரக்கற நோய். இதைப் பத்தி அமெரிக்க மருந்துத் துறை 2017-லயே எச்சரிக்கை விட்டுச்சு. எல்லா மெஷினும் இப்படி ஏமாறாது, அதனால லேப்ல கேளுங்க. பயோட்டினை மூணு நாள் நிறுத்திட்டு மறுபடி ரத்தம் குடுங்க. அதுக்கு முன்னாடி இந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து யாராவது தைராய்டை அடக்கற மாத்திரை எழுதினா போடாதீங்க, பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்க.

ராயப்பேட்டை_ரம்யா
இதை மட்டும் நல்லாச் சொன்னீங்க. கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாம எடை குறையறது இருக்கான்னு பார்த்துக்கங்க தங்கச்சி. அதெல்லாம் இருந்து, பயோட்டினை நிறுத்தி எடுத்தும் டிஎஸ்எச் குறைவாவே வந்தா, அப்போ நிஜமாவே தைராய்டு. அதுலயும் முடி தலை முழுக்க உதிரும், பார்வைக்கு டெங்கு உதிர்வு மாதிரியேதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்துல தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லணும்.

ஆனா ஹார்மோனை ரத்தத்தைவிட வகிடுதான் நல்லாச் சொல்லும். சுற்று ஒழுங்கா வருது. தாடையில முரட்டு முடி, திடீர் பரு இல்லைன்னா பெரிய ஹார்மோன் பேக்கேஜுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். தலை காய்ஞ்சதும் உச்சியில ஒரு வகிடு, பின்மண்டையில ஒரு வகிடு எடுத்து, ஒரே வெளிச்சத்துல ரெண்டையும் போட்டோ எடுங்க. மாசம் ஒரு தடவை இதே மாதிரி. ரெண்டும் ஒரே அகலம்னா பொதுவான உதிர்வு. உச்சி மட்டும் அகலமாகி, அங்க பெருசும் பூனைமுடி மாதிரி மெலிசும் கலந்து நின்னா அது பரம்பரை வகை.

ஓஎம்ஆர்_ஹாஸ்டல்வாசி
பரு, தாடை முடி இல்ல. நடுக்கம் இல்ல. ஆனா உச்சி வகிடு கொஞ்சம் அகலமாத்தான் தெரியுது. அம்மாவுக்கும் உச்சியில அடர்த்தி கம்மி.

சோதனைக்குழாய்
போச்சு. இப்போ 22-தான் காரணம்னு சொல்ல முடியுமா மேடம்?

ராயப்பேட்டை_ரம்யா
22 மட்டும்தான் காரணம்னு நான் எப்போ சொன்னேன்? உள்ளுக்குள்ள மெதுவா இருந்த பரம்பரை வகையை டெங்கு வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கலாம். ஹார்மோன் ரிப்போர்ட் நார்மலா இருந்தாலும் அது வரும். அதைத் தோல் டாக்டர் லென்ஸ் வெச்சுப் பார்த்துத்தான் சொல்லணும். அதுக்காக இரும்பை விடணுமா? டாக்டர் எழுதற மாத்திரையை வெறும் வயித்துல எலுமிச்சைத் தண்ணியோட போட்டா நல்லா ஒட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா வயித்தெரிச்சலும் கம்மி. காபி ஒரு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. மூணு மாசம் கழிச்சு ஃபெரிட்டின் எடுங்க, சளி காய்ச்சல் இல்லாத நாளா பார்த்து. இல்லைன்னா மறுபடி ஒரு 412 வரும், ஆலமரம் ஐயா கொண்டாடுவாரு.

அடையாறு_ஆலமரம்
கிண்டல் வேண்டாம். போன வருஷம் பொடுகு இழையிலும் இப்படித்தான் என் வேப்பெண்ணெயைக் கேலி செய்தீர்கள், மறக்கவில்லை. 412 என்று ஒரு லேப் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அச்சடித்ததை ரோட்டுத் தண்ணீர் என்கிறீர்கள்.

சோதனைக்குழாய்
ஐயா, 412 நிஜம், 22-ம் நிஜம். ரெண்டும் சரியான ரிசல்ட். ஆனா 22 குறைவு இல்ல.

ராயப்பேட்டை_ரம்யா
குறைவுதான்.

வேளச்சேரி_வாசு
நல்லாச் சண்டை போடுங்க. ரோட்டுல தண்ணி நின்னதுக்கு இன்னும் யாரும் மன்னிப்பு கேக்கல. எங்க தெருவுல இந்தத் தடவை முழங்கால் இல்ல, கணுக்கால்தான்.

கீழ்க்கட்டளை_கீதா
எங்க பக்கம் இடுப்பளவு வந்துச்சுப்பா.