மிதவைச் சுவிட்ச் மூடியிருக்கும்வரை பஸ்ஸர் நிற்க மறுக்கிறது: 555 ஒற்றைத் துடிப்புச் சுற்றில் உதவி தேவை

தொட்டிமேலே:
தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் ஐந்து நொடி மட்டும் பஸ்ஸர் ஒலித்து அடங்க வேண்டும். அதற்காக 555 வைத்து ஒற்றைத் துடிப்புச் சுற்று ஒன்றைச் செய்தேன். 12 வோல்ட் மின்வழங்கி. நேரத்தைத் தீர்மானிக்க 47 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட். 2ஆம் காலிலிருந்து 12 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். அதே காலிலிருந்து தரைக்கு ஒரு பொத்தான். கணக்குப்படி:

```
t = 1.1 × R × C = 1.1 × 47000 × 0.0001 = 5.17 s
```

மேசையில் பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சுமார் 6.1 நொடி ஒலித்தது. கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு பொத்தானை எடுத்துவிட்டு, எட்டு மீட்டர் கம்பியில் மிதவைச் சுவிட்சை இணைத்தேன். தொட்டி நிரம்பியதும் பஸ்ஸர் ஒலிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. தண்ணீர் இறங்கி மிதவை தாழ்ந்த பிறகுதான் அடங்கியது. பொத்தானில் சரியாக வேலை செய்த சுற்று மிதவையில் ஏன் இப்படிச் செய்கிறது?

செம்புக்கம்பி:
கெப்பாசிட்டரை மாற்றுங்கள். எலக்ட்ரோலிட்டிக் பழசானால் கசியும். கசிவு அதிகமானால் 6ஆம் காலில் மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே எட்டாது. எட்டாவிட்டால் வெளியீடு கீழே இறங்காது. உங்களுக்கு 5.17க்குப் பதில் 6.1 வந்ததே, அதுவே அறிகுறி. எனக்கு இதே கதை நடந்திருக்கிறது.

ஈயப்பற்று:
செம்புக்கம்பி சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் இங்கே நடப்பது அதுவா என்று எனக்குச் சந்தேகம். கெப்பாசிட்டர் கசிந்தால் பொத்தானிலும் நின்றிருக்காதே? தம்பி, இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் பழைய பொத்தானை மறுபடி இணைத்து, தட்டிவிட்டு விடாமல் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அடுத்து, பஸ்ஸர் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது 6ஆம் காலை மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். கசிவு என்றால் 8 வோல்ட்டுக்குக் கீழே எங்காவது தேங்கி நிற்கும். 8ஐத் தாண்டிப் போயிருந்தால் கசிவு இல்லை, வேறு விஷயம்.

தொட்டிமேலே:
அக்கா, பொத்தானைப் பத்து நொடி பிடித்தேன். பத்து நொடியும் ஒலித்தது, கையை எடுத்ததும் நின்றது! 6ஆம் காலில் மீட்டர் மெதுவாக ஏறி 8ஐக் கடந்து 11.8இல் போய் நின்றது. நான் இத்தனை நாள் பொத்தானைத் தட்டித் தட்டியே சோதித்திருக்கிறேன்.

ஈயப்பற்று:
அதேதான். 2ஆம் கால் மின்வழங்கியின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது உங்களுக்கு 4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்வரை வெளியீடு மேலேதான் இருக்கும். 6ஆம் கால் "நேரம் முடிந்தது" என்று எவ்வளவு சொன்னாலும் 2ஆம் காலின் பேச்சுதான் எடுபடும். 7ஆம் காலும் மின்தேக்கியை வடிக்காது. அதனால்தான் அது 8ஐத் தாண்டி முழு மின்னழுத்தம்வரை ஏறிவிட்டது. தூண்டல் துடிப்பு, வெளியீட்டுத் துடிப்பைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சுற்றின் நிபந்தனை. விரல் தட்டினால் கால் நொடி, மிதவை மூடினால் அரை நாள்.

மாற்று வழி: சுவிட்ச் மூடியிருப்பதை 555க்குக் காட்டாதீர்கள், மூடிய கணத்தை மட்டும் காட்டுங்கள். சுவிட்சுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே 10 நானோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். 2ஆம் காலிலிருந்து 12 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். சுவிட்ச் மூடும்போது 2ஆம் கால் தரைக்குப் பாய்ந்து, 40 மைக்ரோநொடியில் 4 வோல்ட்டைத் தாண்டி மேலே வந்துவிடும். 555க்கு அது தாராளம். கூடவே 2ஆம் காலிலிருந்து 12 வோல்ட்டை நோக்கி ஒரு சாதாரண டையோடு. சுவிட்ச் திறக்கும்போது அந்தக் கால் 12க்கு மேலே எகிறாமல் அது பிடித்துக்கொள்ளும்.

6.1 நொடியைப் பற்றிக் கவலை வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக்கில் கூடக்குறைய 20 சதவீதம் சகஜம். 8 வோல்ட்டை நெருங்கும்போதுகூட உங்கள் 47 கிலோ ஓம் வழியாக 85 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. ஓரிரு மைக்ரோஆம்பியர் கசிவு அதை ஒன்றும் செய்துவிடாது. 1 மெகா ஓம் போட்டிருந்தால் செம்புக்கம்பி சொன்னது உண்மையாகவே கடித்திருக்கும்.

செம்புக்கம்பி:
என்னுடையது 1 மெகா ஓம்தான்! சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்கால்:
எனக்கும் இதே பிரச்சினை. மின்சாரம் வந்தவுடன் யாரும் தொடாமலே ஒருமுறை ஒலிக்கிறது. மேலே சொன்ன மின்தேக்கியைப் போட்டும் போகவில்லை.

ஈயப்பற்று:
அது வேறு பிரச்சினை, ஐயா. மின்சாரம் ஏறும் நேரத்தில் 2ஆம் கால் பின்தங்கி நிற்பதால் வரும் துடிப்பு அது. சுவிட்ச் ஏற்கெனவே மூடியிருந்தால் நிச்சயம் வரும். 4ஆம் காலை நேரே மின்வழங்கியில் கட்டாமல், 10 கிலோ ஓம் வழியாகக் கட்டி, அதிலிருந்து தரைக்கு 47 மைக்ரோஃபாரட் வைத்துப் பாருங்கள். எல்லாம் நிலைபெறும்வரை 555 வாய் திறக்காது. உங்கள் மின்வழங்கி மெதுவாக ஏறும் வகை என்றால் அந்த மின்தேக்கியை இன்னும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

தொட்டிமேலே:
மின்தேக்கி, டையோடு இரண்டும் போட்டேன். முதல் முறை அற்புதமாக ஆறு நொடியில் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை முறை மிதவையைத் தூக்கினாலும் ஒலிக்கவில்லை. இப்போது ஊமை!

ஈயப்பற்று:
பழைய 10 கிலோ ஓமை 2ஆம் காலிலேயே விட்டுவிட்டீர்களா? சுவிட்ச் பக்கம் ஏதாவது மின்தடை இருக்கிறதா? மிதவை திறந்திருக்கும்போது சுவிட்ச் கம்பியை அளந்து பாருங்கள்.

தொட்டிமேலே:
சுவிட்ச் பக்கம் எதுவும் இல்லை. 0.02 வோல்ட் காட்டுகிறது.

ஈயப்பற்று:
என் தவறு, நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் முறை மூடியபோது சுவிட்ச் பக்கம் தரைக்குப் போனது. திறந்த பிறகு அதை மேலே இழுக்க ஆள் இல்லை, அங்கேயே கிடக்கிறது. ஏற்கெனவே கீழே கிடப்பதை மறுபடி கீழே தள்ளினால் என்ன மாற்றம் வரும்? சுவிட்ச் பக்கமும் 12 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் வையுங்கள்.

தொட்டிமேலே:
வைத்தேன், ஒவ்வொரு முறையும் ஒலிக்கிறது. ஆனால் இப்போது தண்ணீர் இறங்கி மிதவை தாழும்போதும் ஒலிக்கிறது! தொட்டி காலியாகும்போது "நிரம்பிவிட்டது" என்று கத்தினால் வீட்டில் என்ன சொல்வார்கள்?

ஈயப்பற்று:
தொடுமுனை திறக்கும்போது ஒரே வீச்சில் திறப்பதில்லை. திறந்து, மூடி, திறந்து என்று துள்ளும். உங்கள் சுவிட்ச் பக்கம் 100 மைக்ரோநொடியில் மேலே வந்துவிடுவதால், துள்ளலில் வரும் அடுத்த மூடலே புதிய தூண்டல் ஆகிவிடுகிறது. நிரம்பும்போதும் துள்ளுகிறது. ஆனால் அப்போது ஏற்கெனவே துடிப்பு ஓடிக்கொண்டிருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே சுவிட்ச் பக்கம் மெதுவாக ஏற வேண்டும். மறுபடி தூண்ட வேண்டுமென்றால் அது மூன்றில் இரண்டு பங்கு உயரமாவது ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் மறுபடியும் 1.1 × R × C! அங்கே 100 கிலோ ஓம், நடுவே 100 நானோஃபாரட் என்று வைத்தால் 11 மில்லிநொடி. அதற்குள் அடங்கும் துள்ளல் எதுவும் 2ஆம் காலை எட்டாது.

செம்புக்கம்பி:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எட்டு மீட்டர் கம்பியில் 100 கிலோ ஓம் என்றால் அது கம்பி இல்லை, ஆன்டெனா. பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதையும் சேர்த்துப் பிடிக்கும். தவிர, மிதவையில் துள்ளல் மில்லிநொடியா? தண்ணீர் அலை அடித்தால் அரை நொடிகூட ஆடும்.

ஈயப்பற்று:
இரண்டும் சரியான கேள்வி. அப்படியானால் மின்தடையைக் குறைத்து மின்தேக்கியைப் பெரிதாக்குவோம்: 22 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட். காத்திருக்கும் நேரம் 1.1 நொடிக்குச் சற்று மேல். 2ஆம் கால் சுமார் 0.2 நொடி கீழே இருக்கும். உங்கள் ஐந்து நொடிக்கு அது மிகக் குறைவு, தொல்லை இல்லை. எலக்ட்ரோலிட்டிக் என்பதால் நேர்முனை 2ஆம் கால் பக்கம்.

```
+12V --[22k]---+----[float switch]---- GND
               |
             [47uF]   (+ : pin 2)
               |
+12V --[10k]---+------- pin 2
               |
+12V ---|<-----+
```

5ஆம் காலிலிருந்து தரைக்கு 10 நானோஃபாரட், 555க்கு அருகிலேயே மின்வழங்கியின் குறுக்கே 100 நானோஃபாரட். இவை இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள்.

தொட்டிமேலே:
மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். நிரம்பும்போது ஒருமுறை, தாழும்போது அமைதி. கையால் மிதவையை மேலும் கீழும் ஆட்டினாலும் ஏமாறவில்லை. ஆனால் நேற்று தொட்டி பாதி காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போட்ட அதே கணத்தில் பஸ்ஸர் ஒலித்தது. இன்று காலை ஒலிக்கவில்லை.

செம்புக்கம்பி:
ஆன்டெனா என்றேனே.

ஈயப்பற்று:
சொன்னீர்கள்தான். மிதவை திறந்திருக்கும்போது கம்பியை 22 கிலோ ஓம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் அதிர்வு அதில் ஏறினால் 47 மைக்ரோஃபாரட் அப்படியே 2ஆம் காலுக்குக் கடத்திவிடும். சுவிட்சிலிருந்து வரும் கம்பி சுற்றுக்குள் நுழையும் இடத்தில் தொடராக 1 கிலோ ஓம், அதற்கு உள்பக்கத்தில் தரைக்கு 1 மைக்ரோஃபாரட் சேருங்கள். ஆனால் ஒருமுறை வந்ததை வைத்துக் கம்பியா, மின்வழங்கியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: தொட்டிக் கம்பியைச் சுற்றிலிருந்தே கழற்றிவிட்டு மோட்டாரைப் பத்து முறை போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒலித்தால் மின்வழங்கி வழியாக வருகிறது. அப்படியானால் இந்த 1 கிலோ ஓம் எதற்கும் உதவாது.

தொட்டிமேலே:
கழற்றிவிட்டு ஆறு முறை போட்டேன், ஒருமுறையும் ஒலிக்கவில்லை. அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது, கம்பி கழன்றிருந்ததால் பஸ்ஸரும் சொல்லவில்லை. மீதி நான்கு முறை நாளைக்கு.