மிதக்கும் முன் எழுந்து நிற்கத் தெரிய வேண்டும்

நித்யா: சுதா அக்கா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு முதல் நீச்சல் வகுப்பு. எதில் தொடங்கப் போகிறீர்கள்? என் பொண்ணு முகத்தை நனைக்கவே பயப்படுகிறாள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை வாங்கி வரட்டுமா?

சுதா: பட்டை வேண்டாம் நித்யா. அதை மாட்டினால் உடம்பு தண்ணீரில் நிமிர்ந்து தொங்கும். நீந்துவதற்கோ உடம்பு படுக்க வேண்டும். தவிர, பட்டையைக் கழற்றிய பிறகும் மிதப்போம் என்று குழந்தை நம்பிவிடும். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பிரகாஷ்: முதலில் மூச்சடக்கப் பழக்குங்கள் அக்கா. வேகமாகப் பத்து தடவை இழுத்து விட்டு முங்கச் சொன்னால் ரொம்ப நேரம் தாங்கும். யார் கடைசியில் எழுகிறார்கள் என்று போட்டி வைக்கலாம்.

சுதா: அந்தப் போட்டி வேண்டவே வேண்டாம் பிரகாஷ். மூச்சு முட்டுவது முக்கியமாகக் கரியமில வாயு சேர்வதால்தான். வேகமாக இழுத்து விட்டால் அது குறைந்துவிடும், முட்டும் உணர்வு வரத் தாமதமாகும். அதற்குள் பிராணவாயு குறைந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பலாம். இடுப்பளவு ஆழத்திலும் இது நடக்கும், நன்றாக நீந்துகிறவர்களுக்கும் நடக்கும்.

பிரகாஷ்: நுரையீரல் நிறைய காற்று இருந்தால்தானே மிதப்போம்?

சுதா: அது சரி. மிதக்கும்போது சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துச் சில நொடி வைத்திருக்கலாம். ஆனால் முதல் பாடம் மூச்சை விடுவது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் தண்ணீரில் படும்படி குனிந்து ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்வேன். முனகினால் மூக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், அதனால் மூக்கில் தண்ணீர் ஏறாது. அது பழகியபின் மூக்கு, கண், பிறகு தலை முழுவதும். எழுந்ததும் வாயால் மூச்சு இழுக்க வேண்டும். உள்ளேயே விட்டிருந்தால் இழுப்பது மட்டும்தான் பாக்கி.

நித்யா: போதும் என்று எப்படித் தெரியும்?

சுதா: எழுந்தவுடன் கை முகத்துக்குப் போகிறதா என்று பார். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் துடைத்தால், தோள் காது வரை ஏறியிருந்தால், இன்னும் தயாராகவில்லை. ஒரு வகுப்பு முழுக்க இதிலேயே போனாலும் பரவாயில்லை.

கண்ணன் மாமா: எனக்கும் இதே கதைதான் சுதா. மல்லாந்து படுத்தால் கால் கீழே போய்விடுகிறது. ஒல்லியாக இருப்பவர்கள் மிதக்க மாட்டார்கள் என்கிறார்களே?

சுதா: காற்று நெஞ்சில், கனம் காலில் மாமா. அதனால்தான் கால் இறங்குகிறது. கைகளைத் தலைக்கு மேல் தண்ணீருக்குள்ளேயே நீட்டுங்கள், காது நனைய வானத்தைப் பாருங்கள். அப்படியும் சிலருக்குக் கால் சாய்வாகத்தான் நிற்கும். வாயும் மூக்கும் வெளியே இருந்தால் அதுவும் மிதப்புதான்.

நித்யா: மூச்சுக்கு அப்புறம் மிதக்க விடலாமா?

சுதா: அதற்கு முன்னால் எழுந்து நிற்கப் பழக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குப்புற மிதக்கும் குழந்தை பயந்ததும் முதலில் தலையைத் தூக்கும். முதுகு வளையும், கால் பின்னாலேயே நிற்கும், தரை கிடைக்காது. பதறிப் போய்த் தண்ணீர் குடித்துவிடும். உன் பொண்ணை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு படுக்க வைப்பேன். முழங்காலை நெஞ்சுக்கு இழு, கையைக் கீழே அழுத்து, பாதம் தரையில் பட்டதும் தலையைத் தூக்கு. இந்த வரிசை தானாக வந்த பிறகுதான் கையை விடுவேன். அதற்கப்புறம் சுவரை உதைத்து வழுக்கிப் போவது, காலடிப்பது. எல்லாம் நெஞ்சுக்கு மேல் போகாத ஆழத்தில்.

பிரகாஷ்: நீச்சல் கண்ணாடி?

சுதா: முதல் சில வகுப்புக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். கண்ணில் தண்ணீர் பட்டுப் பழகட்டும்.

நித்யா: குளோரின் பட்டாலே அவளுக்குக் கண் சிவந்துவிடும் அக்கா. கண்ணாடி இருந்தால் தைரியமாக முங்குவாளே?

சுதா: ம்ம், அவளுக்கு அப்படி இருக்கலாம். கொண்டு வா, முதலில் இல்லாமல் முயன்று பார்ப்போம். வேறொன்று, கரையில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணன் மாமா: நான் வாசித்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது என்றால் கத்துவார்களே.

சுதா: கத்த மாட்டார்கள் மாமா. மூழ்குகிறவருக்கு மூச்சு இழுக்கவே நேரம் இருக்காது. பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாயும், கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். அப்படிப் பார்த்தால் குதிக்காதீர்கள், பிடித்துக் கீழே இழுத்துவிடுவார்கள். கரையில் குப்புறப் படுத்து அங்கிருக்கும் நீளக் கம்பையோ துண்டையோ நீட்டுங்கள், மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கண்ணன் மாமா: சரிம்மா, புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பிரகாஷ்: அரை மணிக்கு ஒரு தடவை நான் மாமாவை மாற்றிவிடுகிறேன்.

சுதா: இன்னும் சீக்கிரம் மாற்று பிரகாஷ், கண் சலித்துவிடும். நித்யா, நீ அவள் பக்கத்திலேயே தண்ணீரில் நில், கை நீட்டினால் தொடும் தூரத்தில்.