மூண்டு கிரெடிட் கிடக்கு, கான்சல் பண்ணினா போயிடுமா?

உப்புவெளி_தம்பி: ஒலிப்புத்தகம் கேக்கிற ஆடிபிள் கணக்கில 3 கிரெடிட் மிச்சம் கிடக்கு, 18ம் தேதி திரும்பக் காசு வெட்டும், இப்பவே கான்சல் பண்ணவா, அந்தக் கிரெடிட் என்னாகும்?

நிலாவெளிக்காரன்: பிரச்சினை இல்ல தம்பி. காசு குடுத்துத்தானே எடுத்தது, உங்கட கணக்கில அப்படியே இருக்கும். ஆப்பை அழிச்சிட்டு விடுங்கோ.

ஓர்ஸ்ஹில்_அக்கா: ஐயோ அப்படிச் செய்யாதீங்க தம்பி. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது, மாசம் மாசம் காட்ல வெட்டிக்கொண்டே இருக்கும். கான்சல் பண்ணினா மிஞ்சின கிரெடிட்டும் போயிடும், நிக்கிறது அதைக் குடுத்து வாங்கின புத்தகம் மட்டுந்தான். அதால முதல்ல மூண்டுக்கும் புத்தகம் எடுங்க, லைப்ரரில மூண்டும் வந்திட்டுதா எண்டு பாருங்க, பிறகு கான்சல். அமெரிக்கக் கணக்கில மாசம் 14.95 டொலருக்கு ஒரு கிரெடிட், அப்ப உங்கட கையில கிடக்கிறது கிட்டத்தட்ட 45 டொலர். 7 டொலர் புத்தகத்துக்குக் கிரெடிட்டைக் குடுக்காதீங்க, 25, 30 டொலர் போட்டிருக்கிற நீளமான புத்தகத்துக்குக் குடுங்க.

நிலாவெளிக்காரன்: சரி, ஆப் விசயம் என்ர பிழை. ஆனா அக்கா, அவசரத்தில கண்டதையும் வாங்கிப்போட்டு கேக்காமக் கிடந்தா அதுவும் நட்டம்தானே?

ஓர்ஸ்ஹில்_அக்கா: அதுக்குத்தான் சாம்பிள் இருக்கு, அஞ்சு நிமிசம் கேளுங்க. வாசிக்கிற குரல் பிடிக்காட்டி 20 மணித்தியாலம் கேக்க ஏலாது. நான் கொழும்பு பஸ்ஸில ராவில கேக்கிறனான், கந்தளாய் தாண்ட முதலே குரல் அலுத்துப்போன புத்தகம் இருக்கு. திருப்பிக் குடுக்கிறதெண்டாலும் சந்தா ஓடேக்குள்ளதான் ஏலும்.

தோணி77: எனக்கும் இப்படித்தான், வேற ஒரு கொம்பனி. லைப்ரரில பதினொரு புத்தகம் வைச்சிருந்தன், நிப்பாட்டின உடன ஒம்பது காணாமப் போச்சு. எல்லாம் என்ர எண்டுதான் நினைச்சன்.

ஓர்ஸ்ஹில்_அக்கா: அந்த ஒம்பதும் சந்தாவோட சும்மா கேக்கக் குடுத்ததா இருக்கும் அண்ணா. ஆடிபிள்லயும் அப்படித்தான், கிரெடிட் குறையாம லைப்ரரிக்குள்ள வந்த புத்தகம் சந்தாவோட போயிடும். கிண்டில் அன்லிமிட்டட் எண்ட மின்புத்தகச் சந்தா முழுக்கவே இரவல். தம்பி, ஒவ்வொண்டு எடுக்கேக்குள்ளயும் கிரெடிட் 3 இருந்து 2 ஆகுதா எண்டு பாருங்க, குறையாட்டி அது உங்கட இல்ல.

தோணி77: காசு வாங்கிப்போட்டு கிரெடிட்டைப் பறிக்கிறது நியாயமே இல்ல. ரீலோட் டேட்டாவும் முப்பது நாளில போகுது, இதுவும் அதே கதை.

நிலாவெளிக்காரன்: சேரேக்குள்ளயே எழுதித்தானே வைச்சிருக்கிறாங்கள், நாங்கள் வாசிக்காம ஓகே குடுத்தா?

தோணி77: எழுதி வைச்சாப்போல நியாயம் ஆயிடுமா? 45 டொலர் இஞ்ச எத்தினை நாள் சம்பளம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

உப்புவெளி_தம்பி: ரெண்டு எடுத்திட்டன் அக்கா, கிரெடிட் 1 எண்டு காட்டுது. மூண்டாவதுக்கு ஒண்டும் பிடிபடேல்ல, இண்டைக்கு 15.

ஓர்ஸ்ஹில்_அக்கா: கான்சல் பக்கத்தில கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைக்கிற வழி காட்டினா அதை எடுங்க, காசும் வெட்டாது, ஆறுதலாத் தேடலாம். காட்டாட்டி 17ம் தேதி ராவுக்குள்ள மூண்டாவதையும் எடுத்திட்டு, கான்சல் ஆனதுக்கு மெயில் வாற வரைக்கும் பக்கத்தை மூடாதீங்க.