கிரியேட்டின் பலன் தருகிறதா என வீட்டிலேயே அளப்பது பற்றி உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தினமும் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுக்கத் தொடங்கும் முன், என் தாவும் உயரத்தையும் ஓட்ட நேரத்தையும் பதிவு செய்துவருகிறேன். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசிக் காணொளியில், கால் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும் வரையிலான நேரத்தை எண்ணி, h = g × t² ÷ 8 என்ற சூத்திரத்தில் இடுகிறேன். அந்த நேரம் 0.5 நொடி என்றால் உயரம் ஏறத்தாழ 31 செ.மீ.; ஒரு படம் தவறினாலே அரை செ.மீ. மாறிவிடுகிறது. முழங்காலை மடக்கி இறங்கினால் உயரம் பொய்யாகக் கூடிவிடும் என்பதால் அத்தகைய தாவல்களை நீக்கிவிடுகிறேன்.

கிரியேட்டின் தசையில் நீரைச் சேர்த்து உடல் எடையைக் கூட்டுவதால், வலிமை கூடினாலும் தாவும் உயரம் அப்படியே இருக்கக்கூடும். ஆகவே, குறைந்த ஓய்வுடன் திரும்பத் திரும்ப ஓடும் 30 மீட்டர் ஓட்டங்களில், கடைசி ஓட்டங்களின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதே நம்பகமான அளவுகோல் என்று கருதுகிறேன். கையால் அழுத்தும் நிறுத்துக்கடிகாரம் இதற்குப் போதாது.

ஓட்டங்களுக்கு இடையே எத்தனை நொடி ஓய்வு பொருத்தமானது? தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் ஒரே கைப்பேசியால் துல்லியமாகப் பதிவு செய்ய வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.